மூன்று விலைக்கு வாங்கிய பட்டுக்கு அடக்கம் எவ்வளவு?



நமது டிரஸ்ட்டின் வட்டியில்லாக் கடன் பெற்று மூன்று தறி ஓட்டும் ஒரு சகோதரர், தவணைகளை ஒன்றுகூடத் தவறாமல் கட்டி முடித்தார். அல்ஹம்துலில்லாஹ். முடித்த கையோடு இன்னொரு கடன் வேண்டும் என்று வந்து நின்றார். நெய்த புடவை எல்லாம் விற்றுவிட்டது, யாரிடமும் பாக்கி நிற்கவில்லை, ஆனால் அடுத்த முறைக்குப் பட்டு வாங்க 16,800 ரூபாய் குறைகிறது என்றார்.

வியாபாரம் படுத்திருந்தால் பணம் குறைவது புரியும். எல்லாம் விற்று, ஒவ்வொரு புடவையிலும் லாபம் வைத்து விற்று, அதற்குப் பிறகும் முதல் குறைகிறது என்றால் எங்கோ கணக்கு தவறியிருக்க வேண்டும். பில்களை எடுத்து வரச் சொன்னோம். நல்ல வேளையாக ஒன்றுகூட விடாமல் வைத்திருந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தோம், மஃரிபுக்கு முன் அந்த 16,800 எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. அவருடைய சம்மதத்துடன் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம். அவரை அடையாளம் தெரியாமல் இருக்கவும், படிப்பவர்களுக்குப் போட்டுப் பார்க்க எளிதாக இருக்கவும் தொகைகளை மாற்றி முழு எண்களாக வைத்திருக்கிறோம். இவற்றை இன்றைய மார்க்கெட் விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டு விலை ஒரே இடத்தில் நிற்காது என்பது ஆரணிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராமநகரம் சந்தைக்கும் தருமபுரி சந்தைக்கும் கூடு வரத்து குறைந்தால் ஏறும். சீனாவிலிருந்து பட்டு வருவது கூடினாலும் குறைந்தாலும் அசையும். 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் விலை ஏறிய வேகத்தில் தறியை நிறுத்தி வைத்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு. பெரிய முதலாளி ஆறு மாதச் சரக்கை ஒரே விலையில் வாங்கிப் போட்டுக்கொள்வார். நம்மைப் போன்றவர்கள் கையில் காசு வரும்போது ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்குகிறோம். அதனால் ஒரே பட்டு நம் வீட்டுக்குள் இரண்டு மூன்று விலையில் வந்து சேர்கிறது.

அவர் முதலில் வாங்கியது 12 கிலோ, கிலோ 4,200. பில் தொகை 50,400. அது தீரும் முன்பே விலை ஏறப் போகிறது என்று கேள்விப்பட்டு இன்னும் 6 கிலோ வாங்கினார், கிலோ 4,800. பில் தொகை 28,800.

இப்போது கிலோவுக்கு அடக்கம் என்ன என்று கேட்டோம். “முதல்ல வாங்கின ரேட்டுதான் போட்டேன், அதுதானே அதிகமா இருந்தது” என்றார் அவர். கூட வந்திருந்த அவர் மனைவி, கடைசி ரேட்டைத்தான் போட வேண்டும் என்று அப்போதே சொன்னதாகச் சொன்னார். கல்லூரியில் படிக்கும் மகன் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 4,500 என்றான்.

மகன் சொன்னது சராசரி போலத் தெரிகிறது. ஆனால் 4,200 விலையில் வந்தது 12 கிலோ, 4,800 விலையில் வந்தது அதில் பாதிதான். இரண்டு விலைக்கும் சம இடம் கொடுத்தால் தப்பு. எந்த விலையில் அதிகச் சரக்கு வந்ததோ அந்த விலைப் பக்கம் அடக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். அதற்கு விலைகளைக் கூட்டக் கூடாது, பில் தொகைகளைக் கூட்ட வேண்டும். 50,400-உம் 28,800-உம் சேர்த்தால் 79,200. மொத்த எடை 18 கிலோ. 79,200-ஐ 18-ஆல் வகுத்தால் 4,400. இதுதான் அடக்கம். எடைக்கு ஏற்ற சராசரி என்று கணக்குப் புத்தகத்தில் சொல்வது இதைத்தான்.

சரிபார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. நீங்கள் கண்ட அடக்கத்தை இருக்கும் எடையால் பெருக்கினால் நீங்கள் கொடுத்த பணம் அப்படியே வர வேண்டும். 18 கிலோவை 4,400-ஆல் பெருக்கினால் 79,200 வருகிறது. மகன் சொன்ன 4,500-ஆல் பெருக்கினால் 81,000 வரும். இல்லாத 1,800 ரூபாயைக் கணக்கு காட்டுகிறது என்றால் அந்தச் சராசரி தவறு.

அடுத்து நடந்ததில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த 18 கிலோவில் 10 கிலோவைத் தறிக்குக் கொடுத்தார். 8 கிலோ மீதி. சரக்கு எடுத்து உபயோகித்ததால் அடக்கம் மாறாது. மீதி இருக்கும் 8 கிலோவும் அதே 4,400 அடக்கத்தில்தான் இருக்கிறது, அதன் மதிப்பு 35,200. வாங்கும்போது மட்டுமே அடக்கம் மாறும்.

மூன்றாவதாக 4 கிலோ வாங்கினார். கிலோ 5,500, ஆக 22,000. பார்சல் கட்டணமும் கூலியும் சேர்ந்து இன்னொரு 400. அதை அவர் நோட்டில் ‘இதர செலவு’ என்று வேறு பக்கத்தில் எழுதியிருந்தார். சரக்கு நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் வரை ஆகும் செலவு எல்லாம் சரக்கின் விலைதான். ஆக அது 22,400 ரூபாய்ச் சரக்கு, கிலோ 5,600. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்கள் பில்லில் கட்டும் வரியும் இதில் சேரும், ஏனென்றால் அது அவர்களுக்குத் திரும்பி வராது. பதிவு உள்ளவர்கள் திரும்பப் பெறும் வரியைச் சேர்க்கக் கூடாது.

இப்போது மீதி 8 கிலோ 35,200, புதுசு 4 கிலோ 22,400. மொத்தம் 12 கிலோ, 57,600 ரூபாய். கிலோவுக்கு 4,800.

இந்த இடத்தில் சிலர் முதலிலிருந்து வாங்கிய மூன்று பில்களையும் கூட்டி 22 கிலோவால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் ஏறத்தாழ 4,618 வரும். வருஷக் கடைசியில் மொத்தமாக ஒரு தடவை கணக்குப் பார்ப்பவர்கள் அப்படிச் செய்வதும் ஒரு முறைதான். ஆனால் அன்றன்றைக்கு விலை சொல்லி விற்பவருக்கு அது உதவாது. நெய்து விற்றுப் போன 10 கிலோவை மறுபடி கணக்குக்குள் இழுத்து வந்தால், கையில் இருக்கும் சரக்கின் அடக்கம் குறைவாகத் தெரியும். வீட்டில் இப்போது என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் கணக்குப் போடுங்கள். டாலி போன்ற மென்பொருளில் கணக்கு வைப்பவர்கள், சரக்குக்கு எந்த முறை போட்டிருக்கிறது என்று கணக்கரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

கிலோ 4,800 என்று தெரிந்த பிறகு அரைக் கிலோவுக்கு 2,400 என்று புடவைக் கணக்கில் எழுதிவிட முடியாது. நாம் வாங்குவது பசையோடு கூடிய பச்சைப் பட்டு. சாயத்துக்கு முன் அதை வேகவைத்துப் பசையை எடுக்கும்போது எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை போய்விடும். நம்முடைய சகோதரருக்கு 1 கிலோ கொடுத்தால் 750 கிராம் திரும்பி வருகிறது. சாயக்கூலி, கொடுக்கும் கிலோவுக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். ஆக 5,400 ரூபாய் செலவு செய்து அவர் கையில் பெறுவது 750 கிராம். நெய்யத் தயாராக இருக்கும் பட்டு கிலோ 7,200 ஆகிறது. புடவைக்கு அரைக் கிலோ என்றால் 3,600.

இந்த எடைக் குறைவைச் சிலர் மனக்கணக்காக “கொஞ்சம் போகும்” என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் எடையையும் வாங்கும் எடையையும் எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகக் குறைந்தால் உடனே தெரியும். கேட்க வேண்டியவரிடம் கேட்கவும் கையில் ஆதாரம் இருக்கும்.

ஜரிகை, பாவு ஓட்டும் கூலி, நெசவுக் கூலி எல்லாம் சேர்த்து மற்றச் செலவு புடவைக்கு 4,900. பட்டு 3,600-உம் சேர்ந்து ஒரு புடவையின் அடக்கம் 8,500. ஜரிகையையும் இதே முறையில் சராசரி பார்க்க வேண்டும், வெள்ளி விலை ஏறினால் அதுவும் ஏறுகிறதே. இங்கே கணக்கு நீண்டுவிடும் என்பதால் அதை ஒரே தொகையாக விட்டுவிட்டோம்.

நம் சகோதரர் என்ன செய்திருந்தார்? மூன்றாவது பில் வந்த பிறகும் 4,200-ஐயே வைத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பட்டு 3,200, புடவை அடக்கம் 8,100. அதன் மேல் நூற்றுக்குப் பதினைந்து ஏற்றி 9,315-க்கு விற்றார். 12 கிலோவில் 9 கிலோ நெய்யும் பட்டு கிடைத்தது, அதில் 18 புடவை. புடவைக்கு 1,215 லாபம், ஆக மொத்தம் 21,870 என்று எண்ணி அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். உண்மை அடக்கம் 8,500 என்றால் உண்மை லாபம் புடவைக்கு 815, மொத்தம் 14,670 மட்டுமே. லாபம் என்று எடுத்த பணத்தில் 7,200 ரூபாய் லாபம் இல்லை, முதல். நோட்டில் எங்கும் நஷ்டம் என்று எழுதியிருக்கவில்லை. (முதல் 10 கிலோவிலும் இதே தவறால் ஒரு 2,000 போயிருந்தது. அது பழைய கதை, அதை இங்கே சேர்க்கவில்லை.)

16,800-இல் 7,200-க்கு விடை கிடைத்துவிட்டது. மீதி 9,600 எங்கே?

அது கணக்குத் தவறால் போனதல்ல. சராசரி அடக்கம் சரியாகப் போட்டிருந்தாலும் அந்தத் தொகை தேவைப்பட்டிருக்கும். சராசரி, நாம் ஏற்கெனவே கொடுத்த பணத்தைச் சொல்கிறது. இனி கொடுக்க வேண்டிய பணத்தை அது சொல்லாது. 12 கிலோ பட்டுக்கு அவர் உண்மையில் கொடுத்தது 57,600. அதே 12 கிலோவைத் திரும்ப வாங்க, இன்றைய 5,600 விலையில் 67,200 வேண்டும். இடைவெளி 9,600. அவர் 4,200 கணக்கில் பட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தது 50,400. 67,200-இலிருந்து 50,400-ஐக் கழித்தால் அவர் வந்து சொன்ன 16,800 சரியாக நிற்கிறது.

அப்படியானால் அவர் மனைவி சொன்னதுபோல் கடைசி விலையையே அடக்கமாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த அம்மையார் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டால் புடவை அடக்கம் 9,033 ஆகும். லாபமும் ஏற்றினால், பழைய சரக்கை முதலில் கலந்து குறைத்துச் சொல்லும் பக்கத்துத் தறிக்காரரிடம் வியாபாரம் போய்விடும். கடைக்காரர் பேரம் பேசும்போது எது வரை இறங்கலாம் என்பதும் தெரியாது. உண்மையில் 8,500 அடக்கமான புடவையை 9,000-க்குக் கேட்டால் நஷ்டம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். எங்கள் கருத்து இது: அடக்கத்தை சராசரியால் முடிவு செய்யுங்கள், அடுத்த கொள்முதல் விலையை லாபத்தை ஒதுக்கும்போது பாருங்கள்.

விற்பனை விலைக்கு வருவோம். லாபம் நூற்றுக்குப் பதினைந்து என்று எல்லோரும் சொல்கிறோம். எதில் பதினைந்து? அடக்கமான 8,500-இன் மேல் பதினைந்து சதவீதம் ஏற்றினால் 9,775. விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினைந்து நமக்கு நிற்க வேண்டும் என்றால் அடக்கம் மீதி 85-ஆக இருக்க வேண்டும். அதற்கு 8,500-ஐ 85-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும், 10,000 வரும். இரண்டுக்கும் புடவைக்கு 225 ரூபாய் வித்தியாசம். இரண்டில் எதுவும் தவறில்லை. ஆனால் விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து நிற்கும் என்று வீட்டுச் செலவைத் திட்டமிட்டுவிட்டு 9,775-க்கு விற்றால், நிற்பது பதின்மூன்றுதான்.

அவர் 10,000-க்கு விற்றிருந்தால் 18 புடவைக்கு லாபம் 27,000. அதிலிருந்து 9,600-ஐ அடுத்த பட்டுக்கு எடுத்து வைத்தால் வீட்டுக்கு 17,400. இரண்டாவது கடனுக்கு வர வேண்டியிருக்காது. கடைக்காரர் 10,000 கொடுப்பாரா என்பது வேறு கேள்வி. விலையை நாம் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் 9,600 மட்டுமே கொடுத்தால்கூட லாபம் 19,800. 9,600-ஐ ஒதுக்கினால் வீட்டுக்கு 10,200. அது போதுமா, ஒரு தறியை நிறுத்துவதா, அடுத்த முறை 10 கிலோ மட்டும் வாங்குவதா என்று அவரே முடிவு செய்யலாம்.

இந்த முறை செல்லாத இடங்களும் உண்டு. ஒரே ரகத்தை மட்டுமே சராசரி பார்க்க வேண்டும். பாவுப் பட்டையும் ஊடைப் பட்டையும், நல்ல ஜரிகையையும் இமிடேஷன் ஜரிகையையும் ஒன்றாகப் போட்டு வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ரகத்துக்கு ஒரு பக்கம் வையுங்கள். விலை இறங்கும் காலத்தில் நம்முடைய சராசரி, மார்க்கெட்டைவிட மேலே நிற்கும். விற்றால் கிடைக்கும் தொகை அடக்கத்துக்கும் கீழே போய்விட்டால், வருஷக் கணக்கில் அந்தக் குறைந்த தொகையைத்தான் சரக்கின் மதிப்பாக எழுத வேண்டும். இந்தியக் கணக்கியல் விதியும் அடக்கம், விற்றால் நிகரமாகக் கிடைப்பது இரண்டில் குறைந்ததையே எழுதச் சொல்கிறது.

வாங்குபவரிடம் அடக்கத்தைச் சொல்லி, அதன் மேல் இவ்வளவு லாபம் என்று பேசி விற்கும் முராபஹா முறையில் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் பழைய சரக்கு கலந்திருக்கும்போது கடைசி பில்லை மட்டும் எடுத்துக் காட்டி “எனக்கே இந்த விலை” என்று சொல்வது பொய்யாகிவிடும். பல விலைக்கு வாங்கியது, சராசரி இவ்வளவு என்று திறந்து சொல்லிவிடுங்கள்.

ஜகாத்துக்கு இந்தச் சராசரியைக் கொண்டுவர வேண்டாம். ரமளானில் சிலர் கொள்முதல் பில்களைக் கூட்டி எடுத்து வருகிறார்கள். வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கணக்கிடுவது, ஜகாத் கடமையாகும் நாளில் அந்தச் சரக்கு மார்க்கெட்டில் என்ன விலை போகுமோ அந்த மதிப்பில்தான். 4,800 அடக்கமான பட்டு அன்று 5,600-க்குப் போகிறது என்றால் 5,600-தான் கணக்கு.

அந்தச் சகோதரருக்கு 16,800 கொடுக்கவில்லை. கமிட்டியில் பேசி 9,600 மட்டும் கொடுத்தோம். மீதி 7,200-ஐப் புடவைக்கு 400 வீதம் அடுத்த 18 புடவையில் மீட்டுக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார். அதுவரை 10 கிலோ சொச்சத்தோடு ஓட்டுகிறார். அவர் நோட்டில் இப்போது ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி இருக்கிறது: தேதி, வந்த எடை, வழிச் செலவோடு தொகை, மொத்த எடை, மொத்தத் தொகை, புது அடக்கம். தறிக்குக் கொடுக்கும்போது எடையையும் தொகையையும் கழித்து எழுதுகிறார், அடக்கத்தைத் தொடுவதில்லை. எழுதுவது அவர் மனைவி. தங்கள் நோட்டையும் இப்படிப் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பில்களோடு அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம்.